சோற்றைக் குறைக்கும் முன் மாத்திரையைப் பாருங்கள்: சீனி வருத்தக்காரர்களுக்கு மாவுக் குறைப்பும் இடைவெளி விரதமும்

கிளினிக்கில் உங்களுக்குத் தரும் மாத்திரையின் அளவு தற்செயலாக வந்ததல்ல. நீங்கள் தினமும் சாப்பிடும் ரொட்டி, சோறு, சீனி போட்ட தேத்தண்ணி எல்லாம் சேர்ந்து ஏற்றும் சீனியை இறக்குவதற்காக, மாதத்துக்கு மாதம் கூட்டிக் கூட்டி வந்து நின்ற அளவு அது. சாப்பாட்டை மட்டும் பாதியாக்கிவிட்டு மாத்திரையை அப்படியே விழுங்கினால், இறக்குவதற்குச் சீனி இல்லாத உடம்பில் அந்த மாத்திரை வேலை செய்யும். நாளில் சில மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டு மீதி நேரம் வயிற்றை வெறுமையாக விடும் இடைவெளி விரதம், சோறு ரொட்டியைக் குறைக்கும் மாவுக் குறைப்பு இரண்டிலும் வரும் பெரிய ஆபத்துகள் அநேகமாக இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகின்றன. அதனால் மலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களை நினைத்து எழுதிய இந்த வழிகாட்டியில் தட்டுக்கு முன்னால் மாத்திரை வருகிறது.

பலன் உண்மையானதுதான். 2021இல் பிஎம்ஜே சஞ்சிகையில் வந்த ஒரு தொகுப்பாய்வில், மாவுச்சத்தை நன்றாகக் குறைத்தவர்களில் 100க்கு 57 பேருக்கு ஆறு மாதத்தில், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே வந்தது. வேறு உணவுமுறையில் இருந்தவர்களில் அது 31 பேர். ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. பலர் மெல்ல மெல்லப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இடைவெளி விரதமும் இப்படித்தான். மொத்தச் சாப்பாடு ஒரே அளவாக இருந்தால், நேரம் தள்ளிச் சாப்பிடுவதால் மட்டும் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. இரவில் கொறிப்பதை நிறுத்த ஒரு கட்டுப்பாடு வேண்டுமென்பவருக்கு அது உதவும்.

எந்த மருந்து எப்படி நடந்துகொள்ளும்

மெட்போமின் ஈரல் சீனி விடுவதைக் குறைக்கிறது. இன்சுலினைத் தள்ளிச் சுரக்க வைப்பதில்லை. அதனால் தனியாக எடுக்கும்போது சீனி அளவுக்கு மீறி இறங்குவது மிக அரிது. விரதத்திலும் அதைத் தொடரலாம். ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிற்றோட்டம் வரும். ஆகவே சாப்பிடும் வேளைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வாந்தி, பேதி வந்து தண்ணீர்கூடத் தங்காத நாளில் அதை நிறுத்திவைக்க வேண்டும்.

கிளிக்ளசைட் வேறு வகை. இரத்தத்தில் சீனி கூடவா குறையவா என்று பாராமல் அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாதாரண 80 மில்லிகிராம் மாத்திரையின் வேலை ஏறத்தாழ அரை நாள் நீடிக்கும். காலையில் போட்டுவிட்டுப் பகல் சாப்பாட்டைத் தவிர்த்தால், மலையில் நிற்கும்போது அதன் முழு வேலையும் உங்கள்மேல்தான் நடக்கும். கிளிபென்கிளமைட் இதே இனம். இதைவிட நீண்ட நேரம் நிற்கும், வயதானவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் கூடுதல் ஆபத்து. மாவுக் குறைப்பைத் தொடங்கும் நாளிலேயே இந்த இன மாத்திரைகளைப் பாதியாக்குவது அல்லது நிறுத்துவது டொக்டர்களின் வழமை.

இன்சுலின் போடுபவர்கள் யாரும் தாங்களாக இதில் இறங்கக் கூடாது. காலையும் மாலையும் போடும் கலவை இன்சுலினில் உடனே வேலை செய்யும் பகுதி ஒன்று இருக்கிறது. அதற்குச் சாப்பாடு கட்டாயம் வேண்டும். தொடக்கத்தில் மொத்த அளவை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைப்பதுண்டு. அது உங்கள் இரத்த அளவுகளைப் பார்த்து டொக்டர் எடுக்கும் முடிவு. முற்றாக நிறுத்துவது இன்னும் மோசம். முக்கியமாக மெலிந்த உடம்புக்காரருக்கும், தானாக எடை குறைந்து வந்தவருக்கும் உடம்பில் சொந்த இன்சுலின் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கலாம்.

எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் என்ற மாத்திரைகள் சீனியைச் சிறுநீரில் வெளியே அனுப்புகின்றன. இவற்றை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தாலோ நீண்ட நேரம் பட்டினி கிடந்தாலோ கொழுப்பு எரிந்து உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஆபத்தான அளவில் சேரலாம். அப்போது குளுக்கோமீட்டர் 180, 200 என்று பெரிதாகக் கூடாத அளவையே காட்டிக்கொண்டிருக்கும். ஆளோ வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு, கடும் களைப்போடு கிடப்பார். சீனி கூடவில்லையே என்று வீட்டிலேயே வைத்திருந்தால் உயிர் போகும். உணவுமுறையை மாற்றும் முன் இந்த மாத்திரையை நிறுத்த வேண்டும். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ அது தரப்பட்டிருந்தால், உணவை மாற்றுவதா மாத்திரையைத் தொடர்வதா என்பதை டொக்டரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

பிரஷர் மாத்திரையை யாரும் நினைப்பதில்லை. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் குறையும், சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியேற்றும், பிரஷர் இறங்கும். பழைய அளவில் ஐதரோகுளோரோதயசைட்டும் லோசார்டனும் எடுத்துக்கொண்டிருந்தால் எழும்பும்போது தலை சுற்றும். சரிவில் கூடையோடு நிற்கும் ஆளுக்கு அது சின்ன விஷயமில்லை.

இறங்கவே கூடாதவர்கள்

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், முதலாம் வகை நீரிழிவுக்காரர், முன்பு சாப்பாட்டை வெறுத்தோ அளவுமீறித் தின்றோ வருந்தியவர்கள், அண்மையில் சீனி இறங்கி மயங்கியவர்கள், தனியாக வாழும் முதியவர்கள் இதை விட்டுவிட வேண்டும். சிறுநீரக நோயும் ஈரல் நோயும் உள்ளவர்களுக்கு டொக்டரின் தனி அனுமதி வேண்டும். கண் விழித்திரை பழுதானவருக்கு சீனி மிக வேகமாக இறங்கினால் பழுது கொஞ்ச காலம் கூடலாம். கண் பரிசோதனை ஒரு வருடத்துக்குள் செய்யவில்லையென்றால் முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள்.

முதல் படி: கிளினிக்கில் பேசுவது

இனி ஒரு மாதிரி ஆளை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். நுவரெலியாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் 54 வயதுப் பெண் என்று வையுங்கள். சீனி வருத்தம் வந்து ஆறு வருடம். எடை 68 கிலோ, உயரம் 150 சென்ரிமீற்றர். எச்பிஏ1சி 8.3. மெட்போமின் 500 மில்லிகிராம் காலை இரண்டு, இரவு இரண்டு. கிளிக்ளசைட் 80 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று. லோசார்டன் 50, ஐதரோகுளோரோதயசைட் 25. சிறுநீரகப் பரிசோதனை முடிவு நல்லது.

அவர் கிளினிக்குக்குக் கொப்பியோடு ஒரு துண்டுக் காகிதமும் கொண்டுபோக வேண்டும். அதில் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறார், எத்தனை மணிக்கு மலைக்குப் போகிறார் என்று எழுதியிருக்க வேண்டும். நெரிசலான கிளினிக்கில் டொக்டர் உங்களுக்குத் தருவது சில நிமிடம்தான். பாஷை தெரியாத டொக்டராக இருந்தாலும் அந்தக் காகிதம் பேசும். கேள்வியும் நேராக இருக்கட்டும்: "டொக்டர், நான் ரொட்டியையும் சோத்தையும் பாதிக்குக் குறைக்கப் போறேன். முதல் நாளே கிளிக்ளசைட்ட எவ்வளவு குறைக்கணும்? அளவு எத்தனைக்குக் கீழ வந்தா இன்னும் குறைக்கணும்?"

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அடுத்த கிளினிக் ஒரு மாதத்துக்குப் பிறகுதான்; சீனி இறங்குவதோ முதல் வாரத்திலேயே நடக்கும். எந்த அளவுக்கு என்ன செய்வது என்று கொப்பியில் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம் உதாரணத்தில் டொக்டர் எழுதியது இது: கிளிக்ளசைட் இரு வேளையும் அரை மாத்திரை, அதாவது 40. பின்னேரச் சீனி அளவு இரண்டு முறை 90க்குக் கீழே வந்தால் காலை அரையை நிறுத்த வேண்டும். ஒரு முறை 70க்குக் கீழே வந்தாலும் கிளிக்ளசைட்டை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்கு வர வேண்டும். மெட்போமினில் மாற்றமில்லை. (சாதாரண 80 மாத்திரையைப் பாதியாக உடைக்கலாம். மெதுவாகக் கரையும் வகை என்றால் பார்மசியில் கேட்காமல் உடைக்கவோ நசுக்கவோ கூடாது.)

இரண்டாம் படி: அளப்பது

குளுக்கோமீட்டர் இல்லாமல், கிளிக்ளசைட்டோ இன்சுலினோ எடுக்கும் யாரும் தொடங்கக் கூடாது. மீட்டரில் செருகும் பட்டிகளின் விலை தோட்டச் சம்பளத்துக்குப் பாரம் என்பதால் எல்லா வேளையும் அளக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. முதல் இரண்டு வாரம் இரண்டு நேரம் போதும்: காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, பின்னேரம் வேலை முடியும் நேரத்தில் ஒன்று. உழைப்பும் காலை மாத்திரையும் பசியும் ஒன்றாகச் சேரும் நேரம் பின்னேரம்தான். முதலில் இறங்குவது அங்கேதான். மூன்றாவது பட்டி, உடம்பு ஏதோ மாதிரி இருக்கும் நேரத்துக்கு.

விரலைக் கழுவித் துடைத்துவிட்டு அளக்க வேண்டும். பழம் உரித்த விரல் பொய்யாகக் கூட்டிக் காட்டும். தை மாதக் குளிரில் விடியற்காலை மீட்டர் பிழைக் குறி காட்டினால், அதைக் கொஞ்ச நேரம் கம்பளிக்குள் வைத்திருந்து மறுபடி பாருங்கள்.

மூன்றாம் படி: தட்டு

அந்தப் பெண்ணின் பழைய நாளைக் கணக்குப் பார்த்தால்: இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி நான்கு கோப்பை, 40 கிராம். காலையில் கோதுமை மா ரொட்டி இரண்டு, ஒன்றுக்கு ஏறத்தாழ 60 கிராம் மா போகும் என்றால், 90 கிராம் மாவுச்சத்து. பகல் இரண்டு கோப்பைச் சோறு 90, பருப்பு அரைக் கோப்பை 20. பின்னேரம் மூன்று பிஸ்கட் 15. இரவு மறுபடியும் இரண்டு கோப்பைச் சோறு 90. கூட்டினால் 345 கிராம்.

இதை 130க்குள் கொண்டுவருவதே நியாயமான இலக்கு. 50 கிராமுக்குக் கீழே போகும் கடுமையான முறையை, மலையில் உழைக்கும், மாதமொருமுறை மட்டும் டொக்டரைப் பார்க்கும் ஆளுக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். காலையில் 30 கிராம் மாவில் ஒரு சின்ன ரொட்டி, இரண்டு முட்டை, தேங்காய்ச் சம்பல்: 22 கிராம். பகல் ஒரு கோப்பைச் சோறு, அரைக் கோப்பைப் பருப்பு, நெத்தலியோ மீனோ கோழியோ, தட்டில் பாதிக்கு கோவா, போஞ்சி, லீக்ஸ் அல்லது கீரை வறை: 65 கிராமும் மரக்கறிக்கு 10ம். இரவு அரைக் கோப்பைச் சோறு, மீதி மரக்கறியும் முட்டை அல்லது கடலையும். தேத்தண்ணி சீனியில்லாமல். மொத்தம் 120லிருந்து 130.

தவறும் இடங்கள் இரண்டு. சோற்றைக் குறைத்துவிட்டு உருளைக்கிழங்குக் கறியை நிரப்புவது ஒன்று. இங்கே விளைவதாலும் மலிவாக வருவதாலும் அதை மரக்கறி என்றே நினைக்கிறார்கள், 100 கிராமில் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கால் றாத்தல் பாணும் அப்படித்தான், ஏறத்தாழ 55 கிராம். அது ஒரு கோப்பைச் சோற்றைவிடக் கூட. மற்றது, சோற்றை எடுத்த இடத்தில் எதையும் வைக்காமல் விடுவது. முட்டையும் மீனும் பருப்பும் கூடாவிட்டால் பத்து மணிக்கே பசி வரும், இரண்டு வாரத்தில் முயற்சி கைவிடப்படும். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் கேட்க வேண்டும். கருவாட்டின் உப்பு பிரஷர்காரருக்கு ஆகாது.

நம் உதாரணத்தில் முதல் நாள் பின்னேரம் 131. ஐந்தாம் நாள் 98. ஒன்பதாம் நாள் 84, பத்தாம் நாள் 86. இரண்டு முறை 90க்குக் கீழே வந்ததால் கொப்பியில் எழுதியிருந்தபடி காலை அரை மாத்திரை நின்றது. 84 என்பது நல்ல அளவுதானே என்று விட்டிருந்தால், கூடுதலாக ஏறி இறங்க வேண்டிய மலையில் போட்ட ஒரு நாளில் அது 60 ஆகியிருக்கலாம்.

நான்காம் படி: நேர இடைவெளி

மாவுக் குறைப்பையும் விரதத்தையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். எது சீனியை இறக்கியது என்று தெரியாமல் போகும், மாத்திரையைக் கணக்குப் பார்க்கவும் முடியாது. மூன்று நான்கு வாரம் அளவுகள் நிலைத்த பிறகு இதற்கு வரலாம்.

ஊரெல்லாம் சொல்லும் முறை, காலையை விட்டுப் பகல் 12க்குத் தொடங்கி இரவு 8க்கு முடிப்பது. மேசையில் வேலை செய்பவருக்கு அது சரிவரலாம். பெரட்டுக்குப் போய் காலை முழுதும் பறிப்பவருக்கு அது தலைகீழ். உழைக்கும் நேரத்தில் வயிறு வெறுமை, உறங்கும் நேரத்தில் நிறைவு. எங்கள் தேர்வு மாலையை முன்னுக்கு இழுப்பது: இரவுச் சாப்பாடு ஆறரைக்கு, அதன் பிறகு தண்ணீரும் சீனியில்லாத சாயத் தேத்தண்ணியும் மட்டும், மறுநாள் காலை ஏழு மணிக்கு ரொட்டி. பன்னிரண்டரை மணி நேர இடைவெளி அங்கேயே வந்துவிடும். அதைப் பதினான்குக்கு மேல் நீட்டுவது, கிளிக்ளசைட்டோ இன்சுலினோ எடுக்காதவர்களுக்கு மட்டும்.

இந்தக் கட்டத்தில் நீண்ட இரவுக்கு முன் கிளிக்ளசைட் இருக்கக் கூடாது. உதாரணப் பெண்ணுக்கு நான்காம் வாரம் டொக்டர் இரவு அரையையும் நிறுத்தினார். பிறகு காலை அளவு 134, 138 என்று நின்றது. இங்கே பலர் பயந்து மாத்திரையை மறுபடி போடுகிறார்கள். விடியற்காலையில் ஈரல் தானாகவே சீனியை விடுகிறது. வெறும் வயிற்று அளவுதான் எல்லாவற்றிலும் கடைசியாக இறங்கும். பின்னேர அளவுகள் நன்றாக இருக்கும்வரை பொறுக்கலாம்.

வெள்ளிக்கிழமை, கந்த சஷ்டி, திருவிழா விரதங்களுக்கும், நோன்பு பிடிப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்னால் கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அளவு 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே ஏறினாலும் விரதத்தை அந்த இடத்திலேயே முறிக்க வேண்டும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: வாரத்தில் இரண்டு நாள் மிகக் குறைவாகச் சாப்பிடும் முறையை நியூசிலாந்தில் சோதித்தபோது, மருந்தை முன்கூட்டியே குறைத்திருந்தும் அந்த நாட்களில் சீனி இறங்கும் நிகழ்வுகள் இரு மடங்காயின. மருந்தைக் குறைத்துவிட்டோம் என்று மீட்டரைப் பெட்டியில் போட முடியாது.

சீனி இறங்கினால்

கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, வியர்வை, பிறகு பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம். மலைநாட்டில் ஒரு சிக்கல் உண்டு. பனியில் நடுங்குவது எல்லோருக்கும் வழக்கம் என்பதால் நடுக்கத்தைக் குளிர் என்று விட்டுவிடுகிறார்கள். குளிர் நாளில் நெற்றியும் கழுத்தும் வியர்த்தால் அது குளிரல்ல. அட்டெனொலோல், புரோப்ரனொலோல் என்ற பிரஷர், இதய மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். பெரும்பாலும் மிஞ்சும் அடையாளம் வியர்வைதான்.

அளக்க முடிந்தால் அளந்து, முடியாவிட்டால் அளக்காமலே, மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அது ஏறத்தாழ 15 கிராம். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். கால் மணி நேரம் இருந்து பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் மறுபடி மூன்று கரண்டி. ஏறிய பிறகு ஒரு ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும், ஏனென்றால் கிளிக்ளசைட் இன்னும் உடம்பில் இருக்கிறது, சில மணி நேரத்தில் மறுபடி இறக்கும். அன்று சரிவில் வேலை வேண்டாம், இரவு தனியாகப் படுக்கவும் வேண்டாம். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள். சீனிப் பொட்டலம் கூடைக்குள்ளே இருந்தால் போதாது, சட்டைப் பையில் இருக்க வேண்டும். பக்கத்து நிரையில் பறிப்பவருக்கும் அது எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும்.

மாதங்கள் போகும்போது

ஐந்தாம் வாரம் அந்தப் பெண்ணுக்கு எழும்பும்போது தலை சுற்றியது. சீனி 118, பிரஷர் 102க்கு 64. டொக்டர் ஐதரோகுளோரோதயசைட்டை நிறுத்தினார். தலைசுற்றினால் சீனியை மட்டும் அளந்து நிம்மதியடையக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம். மூன்றாம் மாதம் எடை 64 கிலோ, எச்பிஏ1சி 7.1, மிஞ்சிய மருந்து மெட்போமினும் லோசார்டனும். எல்லோருக்கும் இப்படி நடக்காது. வருத்தம் பதினைந்து வருடம் பழையதென்றால் கணையம் களைத்திருக்கும். அப்போது பாதிக் கிளிக்ளசைட்டோ கொஞ்சம் இன்சுலினோ நிலையாகவே தேவைப்படலாம்.

இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதால், மீட்டர் அளவுகளும் அதுவும் பொருந்தாவிட்டால் டொக்டரிடம் இரண்டையும் காட்டுங்கள். கொலஸ்ட்ரோலையும் மூன்றாம் மாதம் பார்க்க வேண்டும். சிலருக்கு மாவுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் ஏறி, கெட்ட கொலஸ்ட்ரோல் கூடிவிடுகிறது.

மருந்து குறைந்த நிலையில் ஒருவர் பழைய தட்டுக்குத் திரும்பினால் ஒரு சில நாட்களிலேயே சீனி ஏறும். தீபாவளிக்கு ஒரு நாள் ஏறினால் அதற்காக நிறுத்திய கிளிக்ளசைட்டை எடுத்துப் போட வேண்டாம். அடுத்த நாள் தட்டைச் சரிசெய்தால் இறங்கிவிடும். ஒரு வாரமாகப் பின்னேர அளவு 250க்கு மேல் நின்றாலோ, தாகமும் அடிக்கடி சிறுநீரும் எடை இழப்பும் சேர்ந்து வந்தாலோ, கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் போக வேண்டும். மருந்தே இல்லாமல் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே மூன்று மாதம் நின்றவர்களும் வருடத்துக்கு ஒரு முறையாவது அதையும் கண்ணையும் பாதத்தையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டும்.